தூரமும் திசையும்: கலப்பெண் தளத்தில் வட்டம், கோடு, அரைத்தளம்

கலப்பெண் z = x + iy என்பதைத் தளத்தில் (x, y) என்ற புள்ளியாகக் குறிக்கலாம். மெய்ப்பகுதி x கிடை அச்சிலும் கற்பனைப் பகுதி y நெடுக்கை அச்சிலும் அளக்கப்படும். நார்வேயில் பிறந்து டென்மார்க்கில் நில அளவையாளராக இருந்த காஸ்பர் வெஸ்ஸல் 1797இல் டென்மார்க்கின் அறிவியல் கழகத்துக்கு இந்த முறையை எழுதி அளித்தார். 1799இல் டேனிஷ் மொழியில் அச்சான அந்தக் கட்டுரை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. இடையில் 1806இல் பாரிஸில் ஆர்கண்ட் என்பவர் அதே கருத்தைத் தனியாகக் கண்டு வெளியிட்டதால், பாடநூல்களில் இது இன்றும் ஆர்கண்ட் தளம்தான். ஆனாலும் இதை முதலில் எழுதியவர் ஒரு நில அளவையாளர் என்பது பொருத்தமாகவே இருக்கிறது. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடம் எவ்வளவு தூரம், எந்தத் திசையில் என்று குறிப்பதுதான் அவருடைய அன்றாட வேலை. கலப்பெண்ணின் மட்டும் வீச்சும் சொல்வதும் அந்த இரண்டைத்தான்.

z என்ற புள்ளிக்கும் ஆதிப்புள்ளிக்கும் இடையே உள்ள தூரம் மட்டு. |Z| என்று எழுதப்படும். பிதாகரஸ் தேற்றப்படி அது x² + y² என்பதன் வர்க்கமூலம். ஆதியிலிருந்து z-ஐ நோக்கிச் செல்லும் கதிர் மெய் அச்சின் மிகைத் திசையோடு இடஞ்சுழியாக உண்டாக்கும் கோணம் வீச்சு. Arg z என்று எழுதப்படும். முழுச் சுற்று சுற்றினால் அதே திசை திரும்பவும் வருமாதலால் வீச்சுக்குப் பல மதிப்புகள் உண்டு. குழப்பம் வராமலிருக்க −π-ஐ விடப் பெரியதாகவும் π-ஐ விட மிகாமலும் உள்ள ஒன்றை மட்டும் முதன்மை வீச்சு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆதிப்புள்ளிக்கு மட்டு 0. அதற்கு வீச்சு கிடையாது. நின்ற இடத்திலேயே நிற்பவருக்குத் திசை ஏது? சிறிய விஷயமாகத் தோன்றும் இது பின்னால் பலமுறை குறுக்கிடும்.

மட்டும் வீச்சும் ஆதியிலிருந்து மட்டும் அளப்பவையாக நின்றிருந்தால் அவற்றால் பெரிய பயன் இருந்திருக்காது. கழித்தல்தான் அவற்றுக்கு வலுவூட்டுகிறது. z − a என்பது a என்ற புள்ளியிலிருந்து z-க்குச் செல்லும் நகர்வு. ஆகவே |z − a| என்பது a-க்கும் z-க்கும் இடையே உள்ள தூரம். Arg(z − a) என்பது a-இல் நின்று பார்க்கும்போது z தெரியும் திசை. இந்த இரண்டு வாசிப்புகளும் கைவந்துவிட்டால், மட்டும் வீச்சும் கலந்த நிபந்தனைகள் பெரும்பாலும் கணக்குப் போடாமலேயே படமாக விரியும்.

எளிதானது வட்டம். |z − a| = r என்றால், a-யிலிருந்து r தூரத்தில் உள்ள புள்ளிகள் அனைத்தும்; அதாவது a-யை மையமாகவும் r-ஐ ஆரமாகவும் கொண்ட வட்டம். சமக்குறிக்குப் பதில் < இருந்தால் வட்டத்தின் உட்பகுதி, > இருந்தால் வெளிப்பகுதி. இதில் தவறு நேரும் இடம் ஒன்றே ஒன்றுதான்: குறி. |z + 2 − 3i| = 4 என்பதன் மையம் 2 − 3i அல்ல. தூரம் கழித்தலில் இருப்பதால், z − (−2 + 3i) என்று மாற்றி எழுதிய பிறகுதான் மையம் −2 + 3i என்று தெரியும்.

இரண்டு தூரங்களை ஒப்பிடும் நிபந்தனைக்கு வந்தால் கோடு கிடைக்கிறது. |z − a| = |z − b| என்பது a-க்கும் b-க்கும் சமதூரத்தில் உள்ள புள்ளிகளைக் கேட்கிறது. அந்தப் புள்ளிகள் a, b இரண்டையும் இணைக்கும் துண்டின் மையக்குத்துக்கோட்டில் இருக்கும் என்பது பள்ளி வடிவியல். எடுத்துக்காட்டாக |z − 2| = |z − 4i| என்பதைப் பார்க்கலாம். 2 என்பது (2, 0). 4i என்பது (0, 4). இரண்டுக்கும் நடுப்புள்ளி (1, 2). இருபுறமும் வர்க்கப்படுத்தினால்

(x − 2)² + y² = x² + (y − 4)²

என்று வரும். x², y² இரண்டும் அடிபட்டுப்போக, மீதி சுருங்கி x − 2y + 3 = 0 என்ற நேர்கோடாகிறது. நடுப்புள்ளியை இட்டுப் பார்த்தால் 1 − 4 + 3 = 0; சரியாக இருக்கிறது.

இதே நிபந்தனையில் சமக்குறியை < ஆக்கினால் அரைத்தளம் பிறக்கிறது. |z − 2| < |z − 4i| என்பது 4i-யை விட 2-க்கு அருகில் உள்ள புள்ளிகளைக் கேட்கிறது. கோடு தளத்தை இரண்டாகப் பிரிக்கிறது. 2 எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் முழுவதும் விடை. சமன்பாட்டில் x = 2, y = 0 என்று இட்டால் 5 வருவதால், வேண்டிய அரைத்தளம் x − 2y + 3 > 0. கோடு இதில் சேராது. ≤ என்று இருந்தால் சேரும். படம் வரையும்போது சேராத எல்லையைப் புள்ளிக்கோடாகவும் சேரும் எல்லையை முழுக்கோடாகவும் போடுவது இதற்காகத்தான்.

தூரங்கள் சமமாக இல்லாமல் ஒன்று மற்றொன்றின் இருமடங்காக இருந்தால் என்ன ஆகும்? |z − 6| = 2|z| என்ற நிபந்தனையை எடுத்துக்கொள்ளலாம். 6-இலிருந்து உள்ள தூரம், ஆதியிலிருந்து உள்ள தூரத்தைப்போல் இருமடங்கு. கோடு சற்று வளைந்துபோகும் என்றே முதல் பார்வைக்குத் தோன்றும். எவ்வளவு வளையும் என்று ஊகிப்பது எளிதல்ல. வர்க்கப்படுத்திப் பார்த்தால்,

(x − 6)² + y² = 4(x² + y²)

என்றாகி, சுருக்கினால் x² + y² + 4x − 12 = 0, அதாவது (x + 2)² + y² = 16 என்று வருகிறது. −2-ஐ மையமாகவும் 4-ஐ ஆரமாகவும் கொண்ட முழு வட்டம். கோடு வளைந்து வளைந்து தன்னைத்தானே வந்து சேர்ந்துவிட்டது. இதை வேறு வழியிலும் சரிபார்க்கலாம். மெய் அச்சில் இந்த நிபந்தனைக்குப் பொருந்தும் புள்ளிகள் இரண்டு: 2 (தூரங்கள் 4, 2), −6 (தூரங்கள் 12, 6). இந்த இரண்டும் ஒரு விட்டத்தின் முனைகள். அவற்றின் நடுவே −2. கைக்கணக்கில் விரைவாக விடை காண இதுவே நல்ல வழி.

இவ்வகை வட்டத்துக்குப் பெர்காவைச் சேர்ந்த கிரேக்கக் கணிதர் அப்பொலோனியஸின் பெயர் வழங்குகிறது. ஆனால் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே வாழ்ந்த அரிஸ்டாட்டில், வானவில்லின் வடிவத்தை விளக்கும் இடத்தில் இந்தப் பண்பைப் பயன்படுத்தியிருக்கிறார். பெயர் சூட்டுவதில் கணித வரலாறு ஒருபோதும் அவ்வளவு நேர்மையாக இருந்ததில்லை.

பொதுவாக |z − a| = k|z − b| என்று எழுதினால், k மிகை எண்ணாகவும் 1 அல்லாததாகவும் இருக்கும்வரை, மையம் (a − k²b)/(1 − k²), ஆரம் k|a − b|/|1 − k²|. மையம் a-உம் அல்ல, b-உம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அது இரண்டையும் இணைக்கும் கோட்டில், அவற்றுக்கு இடையில் வராமல் வெளியே தள்ளியே நிற்கும். விடைத்தாள்களில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: மையத்தை b என்றே எழுதிவிடுவது, அல்லது வர்க்கப்படுத்தும்போது k-யை வர்க்கப்படுத்த மறப்பது. மேலே 4 வரவேண்டிய இடத்தில் 2 என்று எழுதினால் வட்டம் x² + y² + 12x − 36 = 0 என்று மாறிவிடும். அதுவும் வட்டம்தான் என்பதால் பார்வைக்குப் பிழை தெரியாது. ஆனால் x = 2 என்று இட்டால் 4 + 24 − 36 = −8 வரும், சுழி வராது. மெய் அச்சில் தெரிந்த ஒரு புள்ளியை இட்டுப் பார்ப்பது அரை நிமிட வேலை.

சமனிலியில் இன்னொரு வழுக்கல் உண்டு. |z − 6| < 2|z| என்றால் வட்டத்தின் உள்ளா, வெளியா? சிறுகுறி என்றால் உட்பகுதி என்று கை தானாக எழுதிவிடும். ஆதிப்புள்ளி வட்டத்துக்குள் இருக்கிறது. அதை இட்டால் 6 < 0 என்று வருகிறது, பொய். ஆகவே விடை வட்டத்தின் வெளிப்பகுதி. காரணமும் எளிது: இந்த நிபந்தனை 6-க்குச் சாதகமானது, வட்டமோ ஆதியைச் சுற்றி இருக்கிறது. k 1-ஐ விடப் பெரியது என்றால் வட்டம் b-யைச் சூழும். சிறியது என்றால் a-யைச் சூழும்.

k-யின் மதிப்பை மெல்ல மாற்றிக்கொண்டே போனால், கோட்டுக்கும் வட்டத்துக்கும் உள்ள உறவு கண்முன் தெரியும். a = 1, b = −1 என்று வைத்துக்கொள்ளலாம். k மிகச் சிறியதாக இருக்கும்போது 1-ஐச் சுற்றி ஒரு சின்னஞ்சிறு வட்டம். k = 1/3 என்றால் மையம் 5/4, ஆரம் 3/4; மெய் அச்சை 1/2-இலும் 2-இலும் வெட்டுகிறது. k = 0.9 ஆகும்போது ஆரம் ஏறத்தாழ 9.5. k = 0.99 என்றால் ஆரம் 99.5-ஐ ஒட்டிவிடுகிறது, வட்டத்தின் இடது விளிம்பு கற்பனை அச்சிலிருந்து 0.005 தூரத்தில் நிற்கிறது. k = 1 ஆனவுடன் மையமும் ஆரமும் எண்ணாக இல்லாமல் போய், வட்டம் கற்பனை அச்சாக நிமிர்ந்துவிடுகிறது. அப்போது வட்டத்தின் உட்பகுதியாக இருந்த |z − 1| < k|z + 1| வலது அரைத்தளமாகிறது. k மேலும் கூடினால் விளிம்பு மறுபக்கமாக வளைந்து −1-ஐச் சுற்றிக்கொள்ளும். நேர்கோட்டை முடிவிலா ஆரமுள்ள வட்டம் என்று சொல்வதை அணியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்தக் கணக்கில் அது அப்படியே நடக்கிறது.

மட்டு இவ்வளவு இணக்கமாக நடந்துகொள்ள, வீச்சு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். arg(z − a) = θ என்ற நிபந்தனை a-இல் நின்று θ திசையில் பார்த்தால் தெரியும் புள்ளிகளைத் தருகிறது. அது கோடு அல்ல, கதிர். முதுகுக்குப் பின்னால் உள்ள புள்ளிகள் அதில் சேரா. நிற்கும் இடமான a-யும் சேராது, ஏனெனில் அங்கே z − a சுழியாகிவிடும். ஆகவே படத்தில் தொடக்கப்புள்ளியைச் சிறு வெற்று வட்டமாகப் போட்டு, அங்கிருந்து கதிரை இழுக்க வேண்டும்.

இங்கே நேரும் பிழைக்கு வேர் tan. arg(z − 1 − i) = π/4 என்பதை இயற்கணிதமாக மாற்றுபவர் (y − 1)/(x − 1) = 1 என்று எழுதி y = x என்ற முழுக் கோட்டையும் விடையாகக் கொடுப்பார். ஆனால் ஆதிப்புள்ளியை எடுத்துப் பார்த்தால் z − 1 − i = −1 − i; இதன் வீச்சு −3π/4, π/4 அல்ல. எதிரெதிர்த் திசைகள் இரண்டுக்கும் tan ஒன்றே என்பதால் அது திசையைப் பாதி மறந்துவிடுகிறது. சரியான விடை y = x என்பதோடு x > 1 என்ற நிபந்தனையும் சேர்ந்தது. கணினி நிரல் எழுதுபவர்களும் இதே பள்ளத்தில் விழுவதுண்டு. atan(y/x) என்று எழுதினால் இரண்டாம், மூன்றாம் கால்பகுதிகளில் உள்ள புள்ளிகளின் கோணம் π அளவு தவறிவிடும். இரண்டு ஆயங்களையும் தனித்தனியே வாங்கிக்கொள்ளும் atan2(y, x) இதற்காகவே வந்தது.

கதிர் தெரிந்தால், இரண்டு கதிர்களுக்கு இடையே உள்ள பகுதியும் தெரியும். α < arg(z − a) < β என்பது a-யை உச்சியாகக் கொண்டு விரியும் ஆப்பு வடிவம். அந்த விரிவு சரியாக π ஆகும்போது ஆப்பு அரைத்தளமாகிறது. −π/2 < arg z < π/2 என்பது வலது அரைத்தளம். 0 < arg z < π என்பது மேல் அரைத்தளம். இடது அரைத்தளத்தை எழுதப்போகும்போதுதான் முதன்மை வீச்சின் வெட்டு குறுக்கே வருகிறது. π/2 < arg z < 3π/2 என்று எழுதிவிட்டு arg-ஐ முதன்மை வீச்சாக எடுத்தால், எதிர்மறை மெய் அச்சும் அதற்கு மேலுள்ள கால்பகுதியும் மட்டுமே கிடைக்கும். கீழ்க் கால்பகுதியின் வீச்சுகள் −π/2-க்கும் −π-க்கும் இடையே இருப்பதால் அது முழுவதும் காணாமல் போகும். |arg z| > π/2 என்று எழுதினால் தொல்லை தீரும். அல்லது தளத்தைச் சுழற்றிவிடலாம்: arg(−z) என்பது −π/2-க்கும் π/2-க்கும் இடையே இருக்க வேண்டும் என்றாலும் இடது அரைத்தளமே.

இந்தச் சுழற்று வழி எந்த அரைத்தளத்துக்கும் பொருந்தும். a வழியாக, d என்ற கலப்பெண்ணின் திசையில் ஒரு கோடு போகிறது என்போம். (z − a)/d என்று வகுப்பது, a-யை ஆதிக்குக் கொண்டுவந்து, d-யை மெய் அச்சின் திசைக்குத் திருப்பிவிடுகிறது. அதன்பின் கேள்வி ஒன்றே: புள்ளி மெய் அச்சுக்கு மேலா, கீழா? (z − a)/d-யின் கற்பனைப் பகுதி மிகை என்றால், d திசையில் நடந்துபோகிறவரின் இடதுகைப் பக்கம். குறை என்றால் வலதுகைப் பக்கம். சுழி என்றால் கோட்டிலேயே. வீச்சு இல்லாத a-யும் இதில் இயல்பாகக் கோட்டில் சேர்ந்துவிடுகிறது. முழுக் கோட்டை வீச்சால் எழுத முயன்றால் இரண்டு கதிர்களையும் விடுபட்ட ஒரு புள்ளியையும் தனித்தனியே சேர்க்க வேண்டியிருக்கும். கோட்டுக்குக் கற்பனைப் பகுதி, கதிருக்கு வீச்சு என்று பிரித்துக்கொள்வது நல்லது.

இரண்டு தூரங்களின் விகிதம் வட்டம் தந்தது. இரண்டு திசைகளின் வேறுபாடு என்ன தரும்? வகுக்கும்போது வீச்சுகள் கழிபடும் என்பதால் arg((z − a)/(z − b)) என்பது b-யிலிருந்து z தெரியும் திசைக்கும் a-யிலிருந்து z தெரியும் திசைக்கும் இடையே உள்ள கோணம். z-இல் நின்று பார்த்தால், a, b என்ற இரண்டு புள்ளிகளும் கண்ணில் உண்டாக்கும் கோணமும் அதுவே. ஒரு நாண் வட்டத்தின் ஒரே வில்லில் உள்ள எல்லாப் புள்ளிகளிலும் ஒரே கோணத்தைத் தாங்கும் என்ற பள்ளித் தேற்றம் இங்கே வந்து சேர்கிறது. ஆகவே arg((z − a)/(z − b)) = θ என்பது a, b இரண்டையும் முனைகளாகக் கொண்ட வட்ட வில்.

arg((z − 2)/(z + 2)) = π/4 என்பதைச் செய்து பார்க்கலாம். பகுதியின் இணைக் கலப்பெண்ணால் மேலும் கீழும் பெருக்கினால், தொகுதி

(x² + y² − 4) + 4yi

என்றாகிறது, பகுதி மிகை மெய்யெண் என்பதால் வீச்சைப் பாதிக்காது. வீச்சு π/4 ஆக, மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் சமமாக இருக்க வேண்டும். இரண்டும் மிகையாகவும் இருக்க வேண்டும். முதல் நிபந்தனை x² + (y − 2)² = 8 என்ற வட்டத்தைத் தருகிறது: மையம் 2i, ஆரம் 2√2, 2-இன் வழியாகவும் −2-இன் வழியாகவும் செல்கிறது. இரண்டாவது நிபந்தனை y > 0 என்கிறது. விடை, மெய் அச்சுக்கு மேலே உள்ள பெரிய வில் மட்டும். முனைகள் இரண்டும் நீங்கலாக. கீழே உள்ள சிறிய வில்லில் இரு பகுதிகளும் சமமாகவே இருக்கின்றன, ஆனால் இரண்டும் குறை. அங்கே வீச்சு −3π/4. π/4-உம் 3π/4-உம் கூடினால் π. ஒரே நாண் எதிரெதிர் விற்களில் தாங்கும் கோணங்கள் மிகைநிரப்பிகள் என்ற தேற்றம், குறியோடு சேர்ந்து இங்கே தலைகாட்டுகிறது.

θ-வை மாற்றினால் வில் எப்படி உருமாறுகிறது என்பதையும் பார்த்துவிடலாம். θ = π/2 ஆகும்போது மேல் அரைவட்டம்; அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற தேல்ஸ் தேற்றம் இதுவே. θ π-ஐ நெருங்க நெருங்க வில் தட்டையாகி, π ஆனவுடன் −2-க்கும் 2-க்கும் இடையே உள்ள நேர்த்துண்டாகிறது. θ = 0 என்றால் அந்தத் துண்டுக்கு வெளியே மெய் அச்சில் இருபுறமும் நீளும் இரண்டு கதிர்கள். θ குறை எண் ஆனால் எல்லாம் மெய் அச்சுக்குக் கீழே போய்விடும். கடைசி இரண்டு எல்லை நிலைகளையும் தவிர, முழு வட்டமோ முழுக் கோடோ ஒரு θ-வில் கிடைப்பதில்லை. அந்த இரண்டிலும்கூட மெய் அச்சு துண்டுபட்டே வருகிறது. மட்டு நிபந்தனை முழு வட்டம் தரும், வீச்சு நிபந்தனை வில் மட்டுமே தரும் என்பதை மனத்தில் வைத்திருந்தால் பாதித் தவறுகள் நேரா.

இந்த இரண்டு குடும்பங்களும் பாடநூலுக்கு வெளியே ஒன்றாகச் சந்திக்கும் இடம் வானொலிப் பொறியியல். ஒலிபரப்புக் கருவியிலிருந்து கேபிள் வழியாக ஆண்டெனாவுக்குப் போகும் ஆற்றலில் ஒரு பங்கு திரும்பி வரலாம். இம்பீடன்ஸ் எனப்படும் மின்மறுப்பு ஆண்டெனாவுக்கும் கேபிளுக்கும் ஒத்துப்போகாததே காரணம். மின்மறுப்பு ஒரு கலப்பெண். மின்தடை அதன் மெய்ப்பகுதி. மின்னோட்டத்துக்கு i என்ற எழுத்து முன்பே போய்விட்டதால் பொறியாளர்கள் கற்பனை அலகை j என்று எழுதுவார்கள். இங்கே i என்றே தொடரலாம். ஆண்டெனாவின் மின்மறுப்பைக் கேபிளின் மின்மறுப்பால் வகுத்துக் கிடைப்பதை z என்றால், திரும்பி வரும் அலைக்கும் போன அலைக்கும் உள்ள விகிதம்

Γ = (z − 1)/(z + 1).

அதன் மட்டு, z-க்கு 1-இலிருந்தும் −1-இலிருந்தும் உள்ள தூரங்களின் விகிதம். மேலே k என்று வைத்து நகர்த்திப் பார்த்த அதே விகிதம்தான். தன்னிடமிருந்து ஆற்றலை உண்டாக்காத கருவி எதிலும் போனதை விட அதிகம் திரும்பி வர முடியாது. |Γ| ≤ 1. இது z 1-க்கு அருகில் இருக்க வேண்டும், குறைந்தது சமதூரத்திலாவது இருக்க வேண்டும் என்கிறது. அதாவது வலது அரைத்தளமும் அதன் எல்லையும். மெய்ப்பகுதி குறையாக இருக்கக் கூடாது. மின்தடை குறை எண்ணாக இராது என்று பொறியாளருக்குத் தெரிந்த உண்மையும், |z − 1| ≤ |z + 1| என்ற சமனிலியும் ஒன்றே. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிலிப் ஸ்மித் 1939இல் வெளியிட்ட வரைபடம் இந்த அரைத்தளம் முழுவதையும் ஓரலகு வட்டத்துக்குள் மடக்கிக் காட்டுகிறது. ஸ்மித் சார்ட் என்ற பெயரில் அது இன்றும் அளவுக் கருவிகளின் திரையில் தெரிகிறது.

நடைமுறையில் |Γ| 1/3-ஐத் தாண்டக் கூடாது என்பது அமெச்சூர் வானொலியாளர்கள் பலரும் வைத்துக்கொள்ளும் வரம்பு. அந்த அளவில் திரும்பி வரும் ஆற்றல் ஒன்பதில் ஒரு பங்கு; அவர்கள் பேச்சில் எஸ்.டபிள்யூ.ஆர். 2. k = 1/3 என்ற வட்டத்தின் மையம் 5/4, ஆரம் 3/4 என்று முன்பே பார்த்தாயிற்று. 50 ஓம் கேபிளுக்கு இதை 50ஆல் பெருக்கினால் மையம் 62.5, ஆரம் 37.5. மெய் அச்சில் 25 ஓமிலிருந்து 100 ஓம் வரை நீளும் இந்த வட்டத்துக்குள் ஆண்டெனாவின் மின்மறுப்பு விழுந்தால் போதும்.

சரியாக அரை அலைநீளமுள்ள மெல்லிய இருமுனை ஆண்டெனாவுக்கு, சுற்றிலும் தடையில்லாத வெளியில், மின்மறுப்பு ஏறத்தாழ 73 + 42.5i ஓம். மையத்திலிருந்து அதன் தூரம் |10.5 + 42.5i|, அதாவது 43.8. ஆரமோ 37.5, புள்ளி வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. நேரடியாக Γ-வைக் கணக்கிட்டாலும் |23 + 42.5i| ÷ |123 + 42.5i| = 48.3 ÷ 130.1, ஏறத்தாழ 0.37 என்று வந்து அதையே உறுதிசெய்கிறது. மெய்ப்பகுதி 73 மட்டும் என்றால் கவலையில்லை. கற்பனைப் பகுதிதான் புள்ளியை மேலே தூக்கி வெளியே தள்ளுகிறது. ஆகவே கம்பியின் நீளத்தைச் சிறிது குறைக்கிறார்கள். அப்போது கற்பனைப் பகுதி சுழியாகி, மெய்ப்பகுதி 70 ஓம் அளவில் வந்து நிற்கிறது. மையத்திலிருந்து தூரம் இப்போது 7.5 மட்டுமே; |Γ| = 20/120, ஆறில் ஒன்று. அதிலும் குறைக்க வேண்டுமானால் கம்பியை மேலும் நறுக்கிப் பயனில்லை. கற்பனைப் பகுதி குறை எண்ணாகிப் புள்ளி மெய் அச்சுக்குக் கீழே இறங்கிவிடும். மீதமுள்ள 20 ஓம் வேறுபாட்டைக் கேபிளுக்கும் ஆண்டெனாவுக்கும் இடையே ஒரு பொருத்துச் சுற்றை வைத்தே சரிசெய்ய வேண்டும்.